‘அர்ஜன்ட்’ என்ற வார்த்தையை எதற்கு வைத்துக்கொள்வது? திருப்பூர் மெர்ச்சண்டைசிங் மேசைக்கு நான்கு வழிகள்

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை. திருப்பூரில் எங்கள் ஆடை ஏற்றுமதி யூனிட் வாசலில் கன்டெய்னர் நின்று லோடிங் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனி பையருக்குப் போகும் குழந்தைகள் பைஜாமா செட். பேக்கிங் முடிந்து, இன்ஸ்பெக்ஷன் பாஸாகி, அட்டைப் பெட்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அந்த ஆர்டரில் அதற்கு முன்பு வந்த எல்லாச் சிக்கலையும் தாண்டி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கப்பல் கம்பெனிக்கு ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷன், சுருக்கமாக எஸ்.ஐ., கொடுக்க வெள்ளிக்கிழமை மதியம் 12 மணி வரை நேரம் இருந்தது. அனுப்புபவர் யார், பெறுபவர் யார், எத்தனை பெட்டி, எவ்வளவு எடை, கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர் என்று, சரக்குக்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங் போடுவதற்கு வேண்டிய விவரங்கள்தான் அது. கட்-ஆஃப் நேரத்துக்குள் அதைக் கொடுக்காவிட்டால் பெட்டியை அந்தக் கப்பலின் லோடிங் லிஸ்டில் சேர்க்கமாட்டார்கள். வியாழன் காலை 11:40-க்கு, எங்களுக்காகக் கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டரிடமிருந்து ஒரு மெயில் வந்திருக்கிறது. கப்பல் முன்கூட்டியே வருவதால் கட்-ஆஃப் அன்றைக்கே மாலை 4 மணிக்கு மாறிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். எங்கள் டாக்குமென்டேஷன் மேசையில் இருக்கும் பெண் அதைத் திறந்தது 6:15-க்கு. அரை மணி நேர வேலை, கையில் எல்லா விவரமும் இருந்தும் செய்யாமல் போய்விட்டது. தூத்துக்குடியிலிருந்து அடுத்த வாரக் கப்பலில்தான் பெட்டி ஏறியது. பையருக்குத் தேதி முக்கியம் என்பதால் ஒரு பகுதியைப் பிரித்து விமானத்தில் அனுப்பினோம், எங்கள் செலவில்.

ஃபார்வர்டர் ஆபீஸ் தம்பியைக் கூப்பிட்டேன். “மெயில் போட்டனுங்களே அண்ணா, அர்ஜன்ட்னு போட்டுத்தானுங்க அனுப்பினேன்” என்றார். உண்மைதான். எங்கள் பெண்ணிடம் கேட்டேன். “தினமும் இருபது அர்ஜன்ட் வருதுங்கண்ணா. எதை முதல்ல திறக்கறதுங்க?” என்றார். அதுவும் உண்மைதான். அன்றைக்கு அவர் இன்பாக்ஸை நானே எடுத்துப் பார்த்தேன். காலையிலிருந்து வந்ததில் சில இப்படி இருந்தன:

```
URGENT: lab dip courier details
Very urgent!! hangtag artwork
URGENT // REVISED CUT OFF // PLS CHECK
RE: RE: RE: URGENT: size set comments
URGENT REMINDER 3: inspection report copy
```

மூன்றாவதுதான் அந்த மெயில். கூரியர் நம்பர் கேட்டதும், ஹேங்டேக் டிசைன் கேட்டதும் மறுநாள் கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நாலாவது, பத்து நாளுக்கு முன்பே முடிந்துபோன விஷயம். யாரோ ஒருவர் அதே மெயிலில் பதில் போட்டு வேறொன்றைக் கேட்டிருந்தார். பழைய தலைப்பு கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இந்த ஐந்தில் ஒன்றுதான் நேரம் தாண்டினால் பணம் போகிற மெயில், அதுவும் மற்ற நான்கின் சட்டையையே போட்டுக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் டீமில் ஆறு பேரும் உட்கார்ந்து, இனி அவசரத்தை எப்படிக் குறிப்பது என்று பேசினோம். நான்கு வழிகள் மேசைக்கு வந்தன. சிலவற்றைச் செய்தும் பார்த்தோம். இதே முடிவை எடுக்க வேண்டிய மற்ற ஏற்றுமதி ஆபீஸ்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில், இந்த வார்த்தை ஏன் இப்படித் தேய்ந்தது என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் எந்த வழியை எடுத்தாலும் நிற்காது. தந்தி இருந்த காலத்தில் வார்த்தைக்கு வார்த்தை காசு. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையே நின்றுவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் வாசலில் தந்திக்காரர் சைக்கிள் நின்றாலே வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அவ்வளவு அரிதாக வந்ததால்தான் அதற்கு அந்த மரியாதை. மெயில் தலைப்பில் அர்ஜன்ட் போடக் காசு இல்லை. அனுப்புகிறவருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. நஷ்டமெல்லாம் படிக்கிறவருக்குத்தான், அதுவும் பல நாள் கழித்துத்தான் தெரியும்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் எங்கள் மெர்ச்சண்டைசர்களில் இளையவர் ஒருவர் அன்று மனம் விட்டுச் சொன்னார்: “நாளைக்கு எம்.டி. கேட்டா, நான் அர்ஜன்ட்னுதான் போட்டேன், அவங்கதான் பார்க்கலைன்னு காட்டணுமில்லீங்களா?” ஆக, அந்த வார்த்தை பெறுபவருக்காகப் போடப்படுவதில்லை. பின்னால் வரும் விசாரணைக்குச் சாட்சியாகப் போடப்படுகிறது. ‘மெயில் போட்டியா, அர்ஜன்ட்னு போட்டியா?’ என்று மேலே இருப்பவர் கேட்கிற வரைக்கும் கீழே இருப்பவர் போட்டுக்கொண்டுதான் இருப்பார். இதில் என் தவறும் உண்டு. அந்தக் கேள்வியை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

முதல் வழி: சிவப்பு ஆச்சரியக்குறி

அவுட்லுக்கில் மெயில் எழுதும்போது ‘ஹை இம்பார்ட்டன்ஸ்’ என்று ஒரு சிவப்புக் குறி போடலாம். தலைப்பில் வார்த்தையை எழுதாமல் அந்தக் குறியை மட்டும் பயன்படுத்தலாம் என்பது எங்கள் சிஸ்டம்ஸ் தம்பியின் யோசனை. பார்க்க ஒழுங்காக இருக்கும், ரூல் போட்டுத் தனியாகப் பிரிக்கவும் முடியும் என்றார்.

அந்தக் குறி மெயிலுக்குள் ஒரு சின்ன வரியாகத்தான் போகிறது:

```
Importance: high
X-Priority: 1
```

இதைப் பெறுகிற மென்பொருள் காட்டினால்தான் தெரியும். அவுட்லுக்கிலிருந்து அவுட்லுக்குக்குப் போனால் சிவப்பாகத் தெரிகிறது. ஜிமெயிலில் இந்தக் குறியைப் பார்க்கவும் முடியாது, அங்கே எழுதும்போது போடவும் வழி இல்லை. திருப்பூரில் டையிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி, லேபிள் சப்ளையர் என்று நாங்கள் மெயில் போடும் பலர் ஜிமெயிலில்தான் இருக்கிறார்கள். ஃபார்வர்டரிலும் பாதிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். அனுப்பியவருக்கு ‘குறி போட்டாச்சு’ என்று மன நிம்மதி, பெறுபவருக்கு ஒன்றுமே தெரியாது. அர்ஜன்ட் வார்த்தையைவிட இது ஆபத்து. வார்த்தை தேய்ந்துபோனாலும் கண்ணுக்காவது தெரிகிறது.

ஜிமெயிலில் மஞ்சள் நிறத்தில் வேறொரு முக்கியக் குறி வருமே என்று கேட்கலாம். அதைப் போடுவது அனுப்புகிறவர் அல்ல. யாருடைய மெயிலை நீங்கள் வழக்கமாகத் திறக்கிறீர்கள், எதற்குப் பதில் போடுகிறீர்கள், எதைப் பார்க்காமல் ஒதுக்குகிறீர்கள் என்று பார்த்து ஜிமெயிலே போட்டுக்கொள்கிறது. இதை யோசித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. தேவையில்லாத அர்ஜன்ட் மெயில்களாக அனுப்பி, அவர்கள் திறக்காமல் விட்டுப் பழகினால், மனிதர்கள் மட்டுமல்ல, அவர்கள் மெயில் பெட்டியும் நம்மை ஒதுக்கப் பழகிவிடலாம்.

ஆபீஸுக்குள் எல்லோரும் அவுட்லுக் என்றால் இந்த வழி பரவாயில்லை. வெளி ஆட்களோடு வேலை செய்யும் எங்கள் மாதிரி இடத்துக்குச் சரிப்படாது. இதை ஒரே நாளில் விட்டுவிட்டோம்.

இரண்டாவது வழி: ஆளுக்கு வாரம் இரண்டு

ரேஷன் மாதிரி. ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு முறைதான் அர்ஜன்ட் போடலாம். எனக்கு இது முதலில் மிகவும் பிடித்திருந்தது. காசு இல்லாத வார்த்தைக்கு ஒரு விலை வைக்கிற வழி என்று நினைத்தேன்.

ஒரு மாதம் செய்து பார்த்தோம். ஏற்றுமதி வேலையில் அவசரம் வாரத்துக்கு இரண்டு என்று பங்கிட்டு வருவதில்லை. ஷிப்மென்ட் குவியும் வாரத்தில் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் மூன்று வந்துவிடும், அடுத்த மூன்று வாரம் ஒன்றுமே இருக்காது. கையிருப்பு தீர்ந்தவர் உண்மையான அவசரத்துக்கு வேறு வார்த்தை தேடினார். ‘மோஸ்ட் இம்பார்ட்டன்ட்’, ‘டாப் பிரயாரிட்டி’ என்று புதிதாக முளைத்தன. கையிருப்பு மீதமிருந்தவர் சனிக்கிழமை சம்பள நாள் அன்று, வாரம் முடிகிறதே என்று சும்மா இரண்டைச் செலவழித்தார். எண்ணிக்கை குறைந்தது, ஆனால் சரியான மெயிலில்தான் அந்த வார்த்தை இருக்கிறது என்ற நம்பிக்கை வரவில்லை. பெறுபவருக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான்.

அந்த மாதத்தில் ஒரு நல்லது நடந்தது. எண்ணுவதற்காகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தோம். யார், எந்த மெயில், எத்தனை மணி என்று எழுதுவது. ரேஷனை விட்டுவிட்டோம், பலகையை விடவில்லை. அது பின்னால் வருகிறது.

மூன்றாவது வழி: வார்த்தையே வேண்டாம், நேரத்தை எழுது

இதுதான் எங்கள் மெயில்களில் பெரும்பான்மைக்கு ஏற்ற வழி என்பது என் உறுதியான எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அர்ஜன்ட் என்பது அனுப்புகிறவரின் மனநிலையைச் சொல்கிறது. அதைப் படித்தால் இவர் பதட்டமாக இருக்கிறார் என்று தெரியும், எப்போது பதில் வேண்டும் என்று தெரியாது. தலைப்பிலேயே நாளும் மணியும் எழுதிவிட்டால், பெறுபவர் மெயிலைத் திறக்காமலேயே தன் வேலைகளை வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் எழுதும் முறையில் தவறுகள் வரும். நாங்கள் செய்த தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு, ‘இன்றைக்குள்’ என்று எழுதுவது. மெயில் எப்போது திறக்கப்படும் என்று நமக்குத் தெரியாது. நாளைக்குத் திறந்தால் ‘இன்று’ என்பது நாளையாகிவிடும். அமெரிக்க பையருக்கு ‘எண்ட் ஆஃப் டே’ என்று எழுதினால் அவருடைய நாள் முடியும்போது நமக்கு அடுத்த நாள் விடிந்திருக்கும். ஜெர்மனிக்கு நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். அவர்கள் காலை 9-க்கு உட்காரும்போது நமக்குக் கோடையில் 12:30, குளிர்காலத்தில் 1:30. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் தவறுவது சுலபம். ஆகவே வெளிநாட்டுக்குப் போகும் மெயிலில் அவர்கள் ஊர் நேரம் முதலில், நம் நேரம் பக்கத்தில்.

இரண்டாவது தவறு, தேதியை எண்ணாக மட்டும் எழுதுவது. 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் போட்டு, கிழமையையும் சேர்த்துவிட வேண்டும். கிழமை சேர்த்தால் இன்னொரு லாபம்: தேதியைத் தவறாக அடித்திருந்தால் கிழமை பொருந்தாமல் நமக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, நேரத்தைத் தலைப்பின் கடைசியில் போடுவது. போனில் தலைப்பின் முதல் முப்பது நாற்பது எழுத்துதான் தெரியும். ஸ்டைல் நம்பர், பி.ஓ. நம்பர், பிராண்ட் பெயர் எல்லாம் முன்னால் எழுதிவிட்டு நேரத்தைப் பின்னால் வைத்தால் அது திரைக்கு வெளியே போய்விடும்.

ஒரு உதாரணம். ப்ரீ-புரொடக்ஷன் சாம்பிள் அப்ரூவல் வராமல் கட்டிங் தொடங்க முடியாது. துணி டையிங், காம்பாக்டிங் முடிந்து வந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் திங்கள் 17-ஆம் தேதி காலை ஆட்களை வைத்திருக்கிறார். ஜெர்மனியில் வெள்ளி மதியத்துக்கு மேல் ஆள் கிடைப்பது கஷ்டம். வெள்ளியைத் தவறவிட்டால் அடுத்த பதில் திங்கள் நம் மதியத்துக்கு மேல்தான் வரும். அதற்குள் கட்டிங் ஆட்கள் வேறு ஸ்டைலுக்குப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் இதற்கு வியாழன் சாயங்காலம் ‘அர்ஜன்ட் பி.பி. அப்ரூவல்’ என்று அனுப்புவோம். இப்போது புதன்கிழமையே இப்படிப் போகிறது:

```
By Fri 14-Jun 11:00 Germany (14:30 IST): PP sample OK? PO 20817
```

உள்ளே முதல் வரியிலேயே காரணம்: வெள்ளி 11-க்குள் ஓகே வந்தால் திங்கள் கட்டிங், வராவிட்டால் சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் எக்ஸ்-ஃபேக்டரி தேதி மூன்று நாள் தள்ளிப்போகும். அதற்குக் கீழே அவர்கள் பதில் சொல்ல வசதியாக ஒரே கேள்வி: கழுத்து ரிப் அகலம் இப்போதிருக்கிறபடி சரியா, அரை சென்டிமீட்டர் குறைக்கவா? ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று எழுதினால் அவர் யோசிக்க நேரம் எடுப்பார். இரண்டில் ஒன்று என்றால் போனிலேயே ஒரு எழுத்தில் பதில் போட்டுவிடுவார்.

‘டூ’ என்ற இடத்தில் ஒரே பெயர். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஏழு பேருக்கு ஒரே மெயில் போனால், ஏழு பேரும் மற்ற ஆறு பேர் பார்ப்பார்கள் என்று விட்டுவிடுவார்கள். மற்றவர்கள் சி.சி.யில் இருக்கட்டும்.

இந்த வழிக்கும் ஒரு ஆபத்து உண்டு. பொய்யான நேரம். உண்மையில் திங்கள் வரைக்கும் பொறுக்கும் என்றாலும் ‘வியாழன் 4 மணி’ என்று எழுதுவது. இரண்டு முறை நேரம் தாண்டிப் பதில் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று பையர் கண்டுகொண்டால், நம் நேரங்களும் அர்ஜன்ட் மாதிரியே ஆகிவிடும். ஆகவே ஒரு நேரம் எழுதுகிறோம் என்றால், அதைத் தாண்டினால் இன்னது நடக்கும் என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த நேரம் பொய்.

நான்காவது வழி: வார்த்தையும் போனும் சேர்ந்தே

மூன்றாவது வழி எல்லாவற்றுக்கும் போதுமென்றால் அர்ஜன்ட் என்பதை முழுக்க ஒழித்துவிடலாமே என்று கேட்டவர் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வியாழக்கிழமை மெயிலை வைத்துப் பார்த்தால் அது போதாது. 11:40-க்கு அனுப்பி 4 மணிக்குள் வேண்டும் என்றால் நான்கு மணி நேரம்தான். டாக்குமென்டேஷன் பெண் லோடிங் இடத்தில் பெட்டி எண்ணிக்கொண்டு நிற்கலாம், பேங்கில் இருக்கலாம். தலைப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மெயிலைப் பார்க்காதவருக்கு அது இல்லாத மாதிரிதான். இந்த மாதிரி இடத்துக்கு மட்டும் அந்த வார்த்தை வேண்டும், கூடவே போனும் வேண்டும்.

எதெல்லாம் இந்த மாதிரி இடம்? நாங்கள் மூன்று கேள்வி வைத்திருக்கிறோம். பெறுபவருடைய அடுத்த வேலை நாள் வரைக்கும் பொறுத்தால், திருப்பிச் சரிசெய்ய முடியாத ஒன்று நடக்குமா? இதைத் தடுக்கக்கூடியவர் அந்த ஒருவர்தானா? அந்த நேரத்தை வைத்தது நாமல்லாமல் வெளியே இருக்கும் ஒருவரா, அதாவது கப்பல் கம்பெனி, துறைமுகம், பேங்க், கஸ்டம்ஸ் மாதிரி? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் அர்ஜன்ட். நம் எம்.டி. இன்றைக்கே வேண்டும் என்றார் என்பது மூன்றாவது கேள்வியில் தோற்றுவிடும். அதற்கு நேரம் எழுதினால் போதும்.

இந்தச் சல்லடையில் எங்கள் வேலையில் தேறுகிறவை மிகக் குறைவு. ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷன் கட்-ஆஃப் மாறுவது ஒன்று. வி.ஜி.எம். இன்னொன்று: கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க உள்ள விதி. எடையில் தவறு வந்து துறைமுகத்தில் பெட்டி நிற்கிறது என்றால் அது நிமிஷக் கணக்கு. தூத்துக்குடியில் கொழும்பு வரை கொண்டுபோகும் சின்னக் கப்பலான ஃபீடரை விட்டால் கொழும்பில் பெரிய கப்பலும் போய்விடும். ஒரு நாள் தாமதம் ஒரு வாரமாகும். டாக்குமென்ட் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் பேங்க் உறுதி கொடுக்கும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டில், அதாவது எல்.சி.யில், டாக்குமென்ட் கொடுக்கும் கடைசி நாள் மற்றொன்று. எல்.சி.யில் வேறு ஏதும் சொல்லாவிட்டால், எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600-இன்படி ஷிப்மென்ட் ஆன நாளிலிருந்து 21 நாளுக்குள், எல்.சி. காலாவதியாவதற்கும் முன்பாக, டாக்குமென்ட் பேங்குக்குப் போயாக வேண்டும். 20-ஆம் நாளில் ஒரு சர்டிபிகேட் வரவில்லை என்றால் அர்ஜன்ட் போடலாம், கட்டாயம் போட வேண்டும். அதே சர்டிபிகேட்டை 6-ஆம் நாளில் கேட்கும்போது அது வெறும் தேதி மெயில்தான். பெரும்பாலான அவசரங்கள் இப்படி 6-ஆம் நாளில் எழுதாமல் விட்டதிலிருந்து பிறக்கிறவை.

அந்த வியாழக்கிழமை மெயில் இப்படி வந்திருக்க வேண்டும்:

```
URGENT: SI by Thu 4 PM IST today (was Fri 12) - send ctn/wt/seal
```

அனுப்பிய கையோடு போன்: “மெயில் போட்டிருக்கேனுங்க, கட்-ஆஃப் இன்னைக்கு நாலு மணிக்கு மாறிடுச்சு, பார்த்துட்டீங்களா?” ‘பார்த்துட்டேன்’ என்ற வார்த்தை வரும் வரைக்கும் வேலை முடியவில்லை. அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு. இதற்காக ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் இரண்டு நம்பர்களை ஃபார்வர்டரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

போனைக் கட்டாயமாக்கியதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அர்ஜன்ட் என்று எழுதினால் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று வைத்தவுடன், கூரியர் நம்பருக்கெல்லாம் யாரும் அந்த வார்த்தையைப் போடவில்லை. ஹேங்டேக்குக்காக ஒருவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய யாருக்கும் மனம் வராது. ரேஷன் செய்ய முடியாததை இது செய்தது. தந்திக்குக் காசு மாதிரி, இதற்கு ஒரு போன் பேசும் சங்கடம் விலை.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: காலை வணக்கத்துக்கும் டையிங் போட்டோவுக்கும் நடுவே கட்-ஆஃப் மூழ்குவதை நான் பார்த்திருக்கிறேன். மெயில் பதிவுக்கு, போன் கவனத்துக்கு. இரண்டும் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் அர்ஜன்ட் எந்தக் காலத்திலும் கூடாது என்று வைத்திருக்கிறோம்: பேங்க் அக்கவுன்ட் விவரம் சம்பந்தப்பட்ட மெயில். அக்கவுன்ட் மாறிவிட்டது, அவசரமாக இந்தப் புது அக்கவுன்டுக்கு அனுப்புங்கள் என்று ஏமாற்றுக்காரர்கள் எழுதுவது இப்படித்தான். விஷயம் தெரிந்த பையரின் அக்கவுன்ட்ஸ் ஆட்கள் பணமும் அவசரமும் ஒரே தலைப்பில் வந்தாலே சந்தேகப்படுவார்கள், சந்தேகப்படவும் வேண்டும். நாமும் அப்படி எழுதிப் பழக்கினால் நாளைக்கு நம் பெயரில் வரும் போலி மெயிலுக்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

நாங்கள் எடுத்த முடிவும் அதில் மிச்சமிருக்கும் தொல்லையும்

மூன்றும் நான்கும் சேர்ந்ததுதான் முடிவு. எல்லாவற்றுக்கும் நேரம், மூன்று கேள்வியிலும் தேறினால் மட்டும் அர்ஜன்ட், போனோடு. பி.பி. சாம்பிள் உதாரணத்தில், வெள்ளி 2:30-க்கு ஜெர்மனியிலிருந்து பதில் வராவிட்டால் முதலில் கூப்பிடுவோம். அது கட்டிங் தள்ளிப்போகிற விஷயம்தான், கப்பல் போகிற விஷயம் இல்லை. அதனால் தலைப்பில் அர்ஜன்ட் ஏறாது. இதில் எங்கள் டீமுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மூன்று நாள் தாமதம் சின்ன விஷயமா என்று புரொடக்ஷன் மேனேஜர் கேட்கிறார். அவர் கோபம் நியாயம். ஆனால் மூன்று நாளை ஓவர்டைம் போட்டுப் பிடித்துவிடலாம், போன கப்பலைப் பிடிக்க முடியாது. கோடு எங்கேயாவது போட்டாக வேண்டும், நான் அங்கே போட்டேன்.

சுவர்ப் பலகையில் இப்போது கூடுதலாக ஒரு கட்டம் இருக்கிறது. அர்ஜன்ட் போட்ட ஒவ்வொரு மெயிலுக்கும் நேராக, ‘பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்’ என்று போட்டவரே எழுத வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் எல்லோரும் நின்று படிக்கிறோம். யாரையும் திட்டுவதில்லை. ‘ஒன்றும் ஆகியிருக்காது’ என்று தன் கையால் எழுதியவர் அடுத்த முறை தானாகவே நேரம் எழுதுகிறார். ‘அர்ஜன்ட்னு போட்டியா?’ என்று கேட்பதை நான் நிறுத்தினேன். ‘எத்தனை மணின்னு போட்டே?’ என்று கேட்கிறேன்.

பழைய தலைப்பு ஒட்டிக்கொண்டு வரும் தொல்லைக்கு ஒரு பழக்கம் வைத்தோம். அவசரம் முடிந்தவுடன், அந்த மெயிலைத் தொடங்கியவர் தலைப்பின் முன்னால் இருந்த வார்த்தையை எடுத்துவிட்டு, முடிந்தது என்று குறித்து ஒரு பதில் போட வேண்டும். ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் அது புது உரையாடலாகப் பிரிந்துவிடும், பழைய மெயில்கள் தனியாக நிற்கும். தேடும்போது கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் முடிந்துபோன அவசரம் பத்து நாள் உயிரோடு திரிவதைவிட அது மேல்.

மற்றவர்கள் நமக்கு அனுப்புவதை நம்மால் மாற்ற முடியாது. இன்றைக்கும் எங்களுக்கு வரும் மெயில்களில் அர்ஜன்ட் குறையவில்லை. அதனால் வாங்கும் பக்கத்தில் அந்த வார்த்தையைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். ஃபார்வர்டரின் முகவரியையும் வேலைச் சொற்களையும் வைத்து ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போட்டோம்:

```
from:(booking@example.com) subject:("cut off" OR cutoff OR SI OR VGM OR rollover)
```

இதில் சிக்கும் மெயிலுக்குத் தனி லேபிள், அந்த லேபிளுக்கு மட்டும் போனில் சத்தம். மற்றதெல்லாம் மௌனம். முகவரி உங்கள் ஃபார்வர்டருடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் இரண்டு மூன்று முகவரியிலிருந்து அனுப்புவார்கள், எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். ஃபில்டர் போட்டபின் பழைய கட்-ஆஃப் மெயில்களைத் தேடி, அவையெல்லாம் இதில் விழுகின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். எங்களுக்கு முதல் முறை இரண்டு விழவில்லை. அவர்கள் தலைப்பில் ‘கட்-ஆஃப்’ என்று எழுதாமல் ‘க்ளோசிங்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லையும் சேர்த்தோம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அந்தச் சத்தம் வந்தது. காலை 10:20. கட்-ஆஃப் மதியம் 2 மணிக்கு மாறியிருந்தது. டாக்குமென்டேஷன் பெண் செக்கிங் டேபிளில் இருந்தார். ஃபார்வர்டர் தம்பி கூப்பிடுவதற்கு முன்பே இவர் அவரைக் கூப்பிட்டு, “பார்த்துட்டேனுங்க, பதினொன்றரைக்குள்ள அனுப்பறேன்” என்றார். 11:10-க்கு அனுப்பிவிட்டார். பலகையில் அன்றைக்கு அர்ஜன்ட் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதற்கு நேராகக் கட்டத்தில் எங்கள் பெண் எழுதியிருந்தது: ‘ஒரு வாரம்’.